முதலில் எதிரணியைத் தேடுங்கள்

பெண்கள் பள்ளி ஒன்றில் கால்பந்து அணி தொடங்கலாம் என்று பேச்சு வந்ததும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஜெர்சிதான். ஊரில் யாராவது ஒரு நன்கொடையாளர் கிடைத்துவிடுவார். நிறம் முடிவாகும், முதுகில் பெயரும் எண்ணும் அச்சாகும், தலைமையாசிரியருடன் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். அரையாண்டுத் தேர்வு முடியும்போது பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் பாதியாகிவிடுவார்கள். ஆண்டு முடிவதற்குள் ஜெர்சிகள் விளையாட்டு அறை பீரோவுக்குள் போய்விடும். பணம் இல்லாமலோ ஆர்வம் இல்லாமலோ இப்படி நடப்பது குறைவு. பெரும்பாலும் நடப்பது, அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட ஆள் கிடைக்காமல் போவதுதான்.

தமிழ்நாட்டில் மகளிர் கால்பந்து உச்சியில் நன்றாகவே இருக்கிறது. 2018-இல் தமிழ்நாட்டு மகளிர் அணி மணிப்பூரை வென்று முதல்முறையாகத் தேசியப் பட்டத்தைப் பிடித்தது. 2023-இல் மறுபடியும் பிடித்தது. 2019-இல் மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் போன்றவர்கள் இந்திய அணிக்குப் போனார்கள். ஆனால் கடலூர், மதுரை, சென்னை என்று சில ஊர்களைத் தாண்டினால், ஒரு வட்டாரத்தில் பெண்கள் அணி வைத்திருக்கும் பள்ளிகளை ஒரு கையின் விரல்களில் எண்ணிவிடலாம். கபடி இருக்கும், கோகோ இருக்கும், எறிபந்து இருக்கும். கால்பந்து இருக்காது.

அப்படிப்பட்ட ஊரில் அணி தொடங்கினால் முதல் ஆண்டில் எத்தனை ஆட்டம் கிடைக்கும்? பள்ளிக் கல்வித் துறை பாரதியார் தினம், குடியரசு தினம் பெயர்களில் நடத்தும் போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி வருவாய் மாவட்டம், மாநிலம் என்று மேலே போகின்றன. வயதுப் பிரிவுகள் 14, 17, 19. இவை பெரும்பாலும் தோற்றால் வெளியேறும் முறையில் நடப்பவை. எட்டு அணிகள் வந்தால் நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வீட்டுக்குத் திரும்பும். புதிதாகத் தொடங்கிய அணி அந்த நான்கில் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அணிகளே குறைந்த குறுவட்டத்தில் இன்னொரு கெடுதல் உண்டு. எதிரணி வராமல் போய், விளையாடாமலே வென்றதாக எழுதி அடுத்த சுற்றுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே பல ஆண்டு பழகிய அணியிடம் பத்து கோல் வாங்குவார்கள். ஜூன் முதல் ஓடி ஓடிப் பழகியதற்குக் கிடைத்தது அந்த ஒரு மணி நேரம்தான் என்றால், பதினான்கு வயதுப் பெண் அடுத்த ஆண்டு வரமாட்டாள். வீட்டிலும் அனுப்பமாட்டார்கள்.

அதனால், ஜெர்சிக்கு முன்னால், பயிற்சியாளருக்கும் முன்னால், பக்கத்தில் இன்னும் மூன்று பள்ளிகளைப் பிடியுங்கள் என்பேன். அவர்களிடம் அணி இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தொடங்கச் சம்மதித்தால் போதும். இந்த வேலையைச் சுற்றறிக்கையோ அழைப்பிதழோ செய்து நான் பார்த்ததில்லை. உடற்கல்வி ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமானவர்கள், குறுவட்டப் போட்டிகளில் ஆண்டுதோறும் பார்த்துக்கொள்பவர்கள். “சார், பத்துப் பிள்ளைங்க போதும், பந்து நாங்க தர்றோம், கோல் போஸ்ட் எங்க கிரவுண்ட்ல இருக்கு” என்று ஒரு பி.டி. ஆசிரியர் இன்னொருவருக்கு போனில் சொன்னால் நடக்கும். ஊருக்குள் இருக்கும் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி ஒன்று, மெட்ரிக் பள்ளி ஒன்று, பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளி என நான்கு ஆகிவிடும்.

தூரத்தைக் கணக்குப் போடும்போது ஒன்றை மறக்கக் கூடாது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. நகரப் பேருந்து போகும் ஊர்களுக்குள் நான்கு பள்ளிகளையும் தேர்ந்தெடுத்தால் அணியின் பயணச் செலவு கிட்டத்தட்டப் பூஜ்யம். வேன் வாடகைக்கு ஒவ்வொரு முறையும் யாரிடமாவது கை நீட்டும் அணி, இரண்டு முறை போய்விட்டு மூன்றாவது முறை போகாது. அதனால் பேருந்து வழித்தடத்தை வைத்தே எதிரணியைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

அடுத்த கேள்வி, எத்தனை பேர் விளையாடுவது? பதினொரு பேர் ஆட்டம் என்று பிடிவாதம் பிடித்தால் நான்கு பள்ளியும் சேராது. ஒவ்வொரு பள்ளியும் பதினாறு பேரையாவது பழக்க வேண்டும், முழு அளவு மைதானம் வேண்டும். பந்தைத் தொடத் தெரியாத இருபத்திரண்டு பேர் நூறு மீட்டர் மைதானத்தில் நின்றால் பாதிப் பேருக்குப் பந்தே வராது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஏழு பேர் ஆட்டம் போதும். சுமார் 55 மீட்டர் நீளமும் 37 மீட்டர் அகலமும் கொண்ட இடம் கிடைத்தால் சரி. பெரும்பாலான பள்ளிகளில் காலை வழிபாட்டு மைதானமே அந்த அளவுக்கு வரும். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தால் அணி. வெளியே போனவர் மறுபடி உள்ளே வரலாம் என்று வைத்துக்கொண்டால் எல்லோரும் ஆடிவிடலாம். சிறுவர் ஆட்டங்களுக்கு மைதான அளவு, நேரம், மாற்று ஆட்டக்காரர் விதி ஆகியவற்றைத் தளர்த்திக்கொள்ள ஆட்ட விதிகளே இடம் தருகின்றன.

இப்போது அட்டவணைக்கு வருவோம். நான்கு அணிகள் ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு ஒருமுறை ஆடினால் மொத்தம் ஆறு ஆட்டம். இதைப் பல நாட்களுக்குப் பிரித்தால் ஒவ்வொரு நாளும் அனுமதிக் கடிதம், துணை ஆசிரியை, பேருந்து என்று அலைச்சல்தான் மிஞ்சும். ஒரே சனிக்கிழமை காலையில் ஒரே மைதானத்தில் ஆறையும் முடித்துவிடலாம். பாதிக்குப் பத்து நிமிடம், நடுவில் இரண்டு நிமிடம், அணிகள் மாற மூன்று நிமிடம் என்றால் ஓர் ஆட்டத்துக்கு 25 நிமிடம்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அ, ஆ, இ, ஈ என்று நான்கு பள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அ–ஆ ஆடினால் அடுத்து இ–ஈ ஆடும். மூன்றாவதாக யாரை இறக்கினாலும், சற்றுமுன் ஆடி முடித்த இ அல்லது ஈ மறுபடி இறங்கியாக வேண்டும். எப்படி மாற்றிப் போட்டாலும் இதைத் தவிர்க்க முடியாது. ஆகவே இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை பதினைந்து நிமிட இடைவேளை விட வேண்டும். வரிசை இப்படி வரும்: அ–ஆ, இ–ஈ, இடைவேளை, அ–இ, ஆ–ஈ, இடைவேளை, அ–ஈ, ஆ–இ. ஏழரைக்குத் தொடங்கினால் பத்தரைக்கு முடிந்துவிடும், வெயில் ஏறுவதற்குள். இடைவேளை விடாத நாளில் என்ன ஆகும் என்பதை மைதான ஓரத்தில் நின்றாலே பார்க்கலாம். மூன்றாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் பிள்ளைகள் இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், பந்து பக்கத்தில் போனாலும் கால் நகராது. காயம் படுவது அந்த நேரத்தில்தான்.

ஒவ்வொரு பள்ளியும் ஒருமுறை இப்படி நடத்தினால் நான்கு சனிக்கிழமை. ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்குப் பன்னிரண்டு ஆட்டம். வென்றால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று, நான்கு நாளுக்கும் சேர்த்து ஒரே பட்டியல். தோற்ற அணியும் அடுத்த மாதம் வந்தாக வேண்டும், அதற்கு இடையில் எதைச் சரிசெய்வது என்று பிள்ளைகளே பேசத் தொடங்குவார்கள். பயிற்சிக்கு வருகை குறையாமல் பிடித்து வைப்பது அந்தப் பட்டியல்தான்.

தேதிகளைத் தேர்வு நாட்காட்டியும் மழையும் தீர்மானிக்கும். ஜூன் மாதம் சேர்க்கையிலும் பாட நூல் விநியோகத்திலும் போய்விடும். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் முதல் வாரம் என்று மூன்று நாளைக் காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் முடித்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, அதோடு அரையாண்டுத் தேர்வு. செம்மண் மைதானம் மழைக்குப் பிறகு வழுக்கும், களிமண் கலந்தது என்றால் ஒரு வாரம் காயாது. அந்த மாதங்களில் எதையும் வைக்க வேண்டாம். நான்காவது நாள் பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில். பிப்ரவரியில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஸ்பெஷல் கிளாசுக்குப் போய்விடுவார்கள். இதை முன்பே தெரிந்துகொண்டு அணியின் முதுகெலும்பை ஏழு, எட்டு, ஒன்பதாம் வகுப்புகளிலிருந்து எடுப்பது நல்லது. ஒன்பதாம் வகுப்புப் பெண்களை மட்டும் நம்பித் தொடங்கிய அணி அடுத்த ஜூனில் காணாமல் போகும்.

முதல் ஆட்ட நாளில் ஓர் அணி இன்னோர் அணியிடம் ஒன்பது கோல் வாங்குவது நடக்கக்கூடியதே. அதற்கு ஓர் எளிய ஏற்பாட்டை முன்கூட்டியே நான்கு பள்ளியும் ஒப்புக்கொள்ளலாம்: நான்கு கோல் பின்தங்கிய அணி ஒரு ஆளைக் கூடுதலாக இறக்கலாம், வித்தியாசம் குறைந்ததும் எடுத்துவிட வேண்டும். முன்னிலை வகிக்கும் அணிக்கும் இது நல்லது. எட்டுப் பேருக்கு எதிராக ஏழு பேர் ஆடும்போதுதான் பந்தை ஒருவருக்கொருவர் கடத்தக் கற்பார்கள்.

இனி பொருட்களுக்கு வருகிறேன். முதலில் வாங்க வேண்டியவை பந்து, கூம்புத் தட்டுகள், இரண்டு நிறத்தில் பிப் எனப்படும் மேலுடுப்புகள். இருபது பிள்ளைகளுக்குப் பத்துப் பந்து வேண்டும். இரண்டு பந்தை வைத்துக்கொண்டு இருபது பேரை வரிசையில் நிறுத்தினால் ஒரு பிள்ளை ஒரு மணி நேரத்தில் பத்து முறைகூடப் பந்தைத் தொடமாட்டாள். பதின்மூன்று வயதுக்கு மேல் ஐந்தாம் எண் பந்து, ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான்காம் எண். நம் மைதானங்களில் சரளையும் முள்ளும் உண்டு. தைத்த வழவழப்பான பந்து ஒரே பருவத்தில் தோலுரிந்துவிடும். ரப்பர் மேற்பரப்பு கொண்ட வார்ப்புப் பந்து அழகாக இராது, ஆனால் நிற்கும். ஒன்று சுமார் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைக்கும். காற்றடிக்கும் ஊசியை நனைக்காமல் செருகினால் வால்வு கிழிந்துவிடும். பந்து வீணாவதற்கு இது ஒரு பெரிய காரணம். கட்டாந்தரையில் காற்றைச் சற்றுக் குறைவாகவே வைக்கலாம். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். கல் போல இருந்தால் புதிதாக ஆடும் பிள்ளைக்குக் கால் வலிக்கும், பந்தும் துள்ளி எங்கோ போகும்.

கோல் போஸ்ட்டை உள்ளூர் வெல்டிங் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். ஏழு பேர் ஆட்டத்துக்கு 16 அடி அகலம், 7 அடி உயரம் சரியாக இருக்கும். ஜி.ஐ. குழாய் 20 அடி நீளத்தில் வருகிறது. ஒரு குழாயில் மேல் சட்டம் 16 அடி போக 4 அடி மிஞ்சும். இன்னொன்றில் இரண்டு தூண்கள் 14 அடி போக 6 அடி மிஞ்சும். மிச்சத் துண்டுகள் பின் தாங்கிகளுக்கு ஆகும், அடிச்சட்டத்துக்கு மூன்றாவது குழாய் ஒன்று வாங்க வேண்டும். ஆக, ஒரு கோலுக்கு மூன்று குழாய். நகர்த்தி வைக்கும் கோல் என்றால் பின் சட்டத்தின் மேல் மணல் மூட்டைகளை வைத்துக் கட்டாமல் ஒருபோதும் விடக் கூடாது. மேல் சட்டத்தைப் பிடித்துத் தொங்கும் பிள்ளையின் மேல் கோல் கவிழ்ந்து உயிர் போன சம்பவங்கள் உலகெங்கும் நடந்திருக்கின்றன. பயிற்சி இல்லாத நேரத்தில் அதைக் கவிழ்த்துப் போட்டுச் சுவரோடு சங்கிலியில் பூட்டிவிட வேண்டும்.

காலணி விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. நம் பிள்ளைகள் வெறுங்காலில் நன்றாக ஓடுவார்கள், ஆனால் ஒரு பக்கம் ஷூவும் மறுபக்கம் வெறுங்காலும் சேர்ந்து ஆடினால் விரல் நகம் பெயரும். போட்டி விதிப்படியும் காலணி கட்டாயம். கடைக்காரர் பெரும்பாலும் நீள ஸ்டட் வைத்த ஷூவைக் காட்டுவார். அது புல்தரைக்கானது. கட்டாந்தரையில் ஸ்டட் மண்ணில் இறங்காது, பாதத்தின் முன்பகுதியில் குத்தும், திரும்பும்போது கணுக்கால் பிசகும். குட்டை ரப்பர் ஸ்டட் நிறைய இருக்கும் ஷூதான் நமக்குச் சரி. விளையாட்டுக் காலுறையைப் போட்டுக்கொண்டு, மாலை நேரத்தில் அளவு பார்க்க வேண்டும். கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஷூ பிள்ளையின் சொத்தாக இல்லாமல் அணியின் சொத்தாக இருக்கட்டும். பன்னிரண்டு வயதுப் பெண்ணின் கால் ஓர் ஆண்டுக்குள் வளர்ந்துவிடும். பத்தாத ஷூவைத் திருப்பிக் கொடுத்து அடுத்த அளவை எடுத்துக்கொள்ள ஓர் அலமாரி இருந்தால், பதினான்கு ஜோடியில் இரண்டு மூன்று ஆண்டு ஓட்டலாம். காலுறைக்குள் வைக்கும் ஷின்கார்டு எல்லோருக்கும் வேண்டும், அது விலை அதிகமில்லை.

உடையில் ஒரே ஒரு முடிவைச் சரியாக எடுத்தால் பாதித் தொல்லை தீரும்: அரைக்கால் சட்டை கறுப்பாக இருக்கட்டும். வெள்ளையோ வெளிர் நிறமோ வேண்டாம். மாதவிடாய் நாளில் கறை தெரியுமோ என்ற பயத்திலேயே பிள்ளைகள் பயிற்சிக்கு வராமல் நின்றுவிடுவார்கள், காரணத்தைச் சொல்லவும்மாட்டார்கள். இங்கிலாந்து மகளிர் அணியே 2023-இல் இதே காரணத்தால் வெள்ளையை விட்டு நீலத்துக்கு மாறியது. கறுப்பில் இன்னொரு வசதியும் உண்டு. தொடை தெரியக் கூடாது என்று சில வீடுகளில் சொல்வார்கள். உள்ளே லெக்கிங்ஸ் போடலாம், விதி தடுக்கவில்லை. ஆனால் அது அரைக்கால் சட்டையின் நிறத்திலேயே இருக்க வேண்டும், அணிக்குள் ஆளுக்கொரு நிறம் கூடாது. தலையை மூடிக்கொண்டு ஆடுவதும் 2014 முதல் விதிப்படி சரி, அது கறுப்பாகவோ ஜெர்சியின் நிறத்திலோ இருக்கலாம். கறுப்பு லெக்கிங்ஸும் கறுப்புத் துணியும் எந்த ஊரிலும் கிடைக்கும். ஸ்போர்ட்ஸ் பிரா பற்றி ஓர் ஆசிரியை தனியே உட்கார்ந்து பேச வேண்டும். அது இல்லாததால் ஓடவே கூச்சப்படும் பிள்ளைகள் உண்டு. அதையும் அணியின் செலவில் சேர்த்துவிடலாம்.

நகை விஷயம் ஆட்ட நாளில்தான் வெடிக்கும். தோடு, மூக்குத்தி, வளையல், கொலுசு எதற்கும் அனுமதி இல்லை, பிளாஸ்திரி ஒட்டி மறைத்தாலும் நடுவர் விடக் கூடாது என்பது விதி. புதிதாக மூக்குக் குத்திய பெண் மூக்குத்தியைக் கழற்ற முடியாமல் கோட்டுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்பாள். ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால், குத்துவதாக இருந்தால் ஏப்ரலில் விடுமுறை தொடங்கியதும் குத்திக்கொள்வார்கள், ஆறுவதற்கு நாள் கிடைக்கும்.

ஜெர்சியைக் கடைசியில் வாங்கலாம். முதல் ஆட்ட நாளுக்குப் பிப்பே போதும். திருப்பூரில் மொத்தமாகச் சொன்னால் சட்டையும் அரைக்கால் சட்டையும் சேர்த்து முன்னூறு, முன்னூற்றைம்பது ரூபாய் அளவில் முடிந்துவிடும். முதுகில் பிள்ளையின் பெயர் வேண்டாம், எண் மட்டும் போடுங்கள். அப்போதுதான் அடுத்த ஆண்டுப் பிள்ளையும் அணியலாம். கோல் கீப்பருக்கு வேறு நிறம் என்பதை மறந்துவிடுவார்கள், இரண்டு சட்டை தனியாகச் சொல்ல வேண்டும். கோல் போஸ்ட் நீங்கலாக எல்லாம் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஒரேயடியாக இல்லாவிட்டால், பந்தும் கூம்பும் பிப்பும் வாங்க எட்டாயிரம் இருந்தால் நாளைக்கே தொடங்கலாம்.

பயிற்சியாளர் யார் என்பது கடினமான கேள்வி. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் பெரும்பாலும் கபடியிலோ தடகளத்திலோ வளர்ந்தவராக இருப்பார். ஊரில் ஆண்கள் அணியில் ஆடிய பழைய ஆட்டக்காரர் ஒருவர் இருப்பார். கல்லூரி அணியில் ஆடிவிட்டு பி.பி.எட். படிக்கும் பெண் ஒருத்தி இருக்கலாம். மூன்று பேரில் ஒருவரைச் சொல் என்றால் நான் அந்தப் பெண்ணைச் சொல்வேன், அவளுக்கு ஆட்டம் குறைவாகத் தெரிந்தாலும்கூட. பிள்ளைகள் சொல்லத் தயங்குவதை அவளிடம் சொல்வார்கள். இந்தியக் கால்பந்து சம்மேளனம் தொடக்க நிலைப் பயிற்சியாளர்களுக்கு டி லைசென்ஸ் வகுப்புகள் நடத்துகிறது. முதல் ஆண்டு முடிந்ததும் அணியின் பணத்தில் அவளை அதற்கு அனுப்புவது, இரண்டாவது ஜெர்சி வாங்குவதைவிட நல்ல செலவு.

ஆண் பயிற்சியாளர்தான் கிடைக்கிறார் என்றால் அவரும் வரட்டும், ஆனால் சில ஏற்பாடுகளில் சமரசமே கூடாது. ஒவ்வொரு பயிற்சிக்கும் பயணத்துக்கும் ஓர் ஆசிரியை கூட இருக்க வேண்டும். உடை மாற்றும் அறைக்கு வேறு யாரும் போகக் கூடாது. வாட்ஸ்ஆப்பில் பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரும் ஆசிரியையும் இருக்கும் குழுவில் மட்டுமே. காயத்துக்கு மருந்து போடுவதும் எல்லோர் கண்ணெதிரே. 2022-இல் இந்திய 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஐரோப்பாவில் பயணம் செய்துகொண்டிருந்தபோதே அதன் உதவிப் பயிற்சியாளர் பாலியல் அத்துமீறல் புகாரில் நீக்கப்பட்டார். தேசிய அணியிலேயே நடந்தது பள்ளியில் நடக்காது என்று யாரும் சொல்ல முடியாது. நல்ல பயிற்சியாளர் இந்த விதிகளைக் கேட்டுக் கோபப்படமாட்டார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை விளையாட்டு அறைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும்.

பயிற்சி வாரத்துக்கு இரண்டு நாள், ஒன்றேகால் மணி நேரம் போதும். நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தரைக்கு முடிந்தால் இருட்டுவதற்குள் வீடு சேர்வார்கள். அதில் முதல் இருபது நிமிடத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், பெண்கள் அணிக்கு அது உயிர்நாடி.

“கால் ஒடிஞ்சா யாரு டீச்சர் பாக்குறது? நாளைக்கு கட்டிக் குடுக்கணும்ல” என்று அம்மாக்கள் கேட்பார்கள். அந்தப் பயத்தை ஒதுக்கிவிடக் கூடாது. முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற தசைநார் அறுந்துபோவது, இதே ஆட்டத்தை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். பெரும்பாலும் யாரும் மோதாமலே, ஓடிவந்து சட்டென நின்று திரும்பும்போதோ குதித்து இறங்கும்போதோ அறுகிறது. இதைக் குறைக்க ஃபிஃபா வகுத்த ‘11+’ என்ற தயாரிப்புப் பயிற்சி இருக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுவரை உள்ள சுமார் 1,900 பெண் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். இதைச் செய்த அணிகளில் பெரிய காயங்கள் ஏறக்குறைய பாதியாக இருந்தன. கருவி எதுவும் வேண்டாம். மெதுவாக ஓடியபடி செய்யும் பயிற்சிகள் எட்டு நிமிடம், வயிறு, தொடை, சமநிலைக்கான பயிற்சிகள் பத்து நிமிடம், வேக ஓட்டம் இரண்டு நிமிடம். வாரம் இரண்டு முறையாவது விடாமல் செய்தால்தான் பலன்.

ஆனால் இதைப் பார்க்கத் தெரிந்து செய்விக்க வேண்டும். பிள்ளையை எதிரே நிறுத்தி, இரண்டு காலாலும் மேலே குதித்து இறங்கச் சொல்லுங்கள். இறங்கும் நொடியில் முழங்கால்களை மட்டும் பாருங்கள். இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்து ஒன்றையொன்று தொடப் போவதுபோல வந்தால், அந்தப் பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறது. முழங்கால் மடங்கி, கால் பெருவிரலுக்கு நேர் மேலே நின்று, சத்தமில்லாமல் இறங்கினால் சரி. சத்தம் ஒரு நல்ல அடையாளம். ‘தொப்’பென்று விழுந்தால் கால் மடங்கவில்லை என்று அர்த்தம். ஒவ்வொரு முறையும் “முட்டி வெளிய, மெதுவா இறங்கு” என்று சொல்லிக்கொண்டே இருந்தால் சில வாரங்களில் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஆட்டத்தில் யாருக்காவது முழங்காலில் ‘டப்’பென்று சத்தம் கேட்டு, இரண்டு மூன்று மணி நேரத்தில் வீங்கினால், எண்ணெய் போட்டு நீவிவிட யாரையும் விடக் கூடாது. எலும்பு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

மீதி நேரத்தில் பதினைந்து நிமிடம் ஆளுக்கொரு பந்தோடு, அதன்பின் மூன்றுக்கு மூன்று, நான்குக்கு நான்கு என்று சிறு சிறு ஆட்டங்கள். மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வதும் தண்டால் எடுக்கச் சொல்வதும் பயிற்சியாளருக்கு வேறு எதுவும் தெரியவில்லை என்பதைக் காட்டும். சிறு ஆட்டத்தில் ஓட்டமும் வந்துவிடும், பந்தும் காலில் பழகிவிடும்.

ஆட்ட நாளுக்கு முந்தைய வாரம் செய்ய வேண்டிய எழுத்து வேலை கொஞ்சம் இருக்கிறது. தலைமையாசிரியரின் அனுமதி, ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம், வீட்டு போன் எண் பட்டியல், புறப்படும் நேரமும் திரும்பும் நேரமும். திரும்பும் நேரத்தை மட்டும் எப்போதும் தவறவிடக் கூடாது. பன்னிரண்டு மணிக்கு வருவோம் என்று சொல்லிவிட்டு இரண்டு மணிக்கு வந்தால், அடுத்த முறை மூன்று வீட்டில் அனுப்பமாட்டார்கள். நடத்தும் பள்ளி தண்ணீர் கேன்கள், முதலுதவிப் பெட்டி, பூட்டு வேலை செய்யும் கழிப்பறை ஆகியவற்றுக்குப் பொறுப்பு. நடுவராக, அந்த ஆட்டத்தில் ஆடாத பள்ளியின் ஆசிரியர் நிற்கலாம். இதனால் செலவு இல்லை, சந்தேகமும் இல்லை. இரண்டாம் ஆண்டிலிருந்து மூத்த மாணவிகளுக்கே விசில் கொடுத்துப் பழக்கலாம்.

ஒரு பள்ளி பாதியில் விலகிவிடுவதும் நடக்கும். பி.டி. ஆசிரியர் இடமாறுதலில் போவார், புதிதாக வருபவருக்குக் கால்பந்தில் நாட்டம் இராது. அப்போது மூன்று அணிகளோடு நாளை நடத்தாமல் இருந்துவிட வேண்டாம். மூன்று அணிகள் என்றால் மூன்று ஆட்டம்தான், ஒன்றோடொன்று இரண்டு முறை ஆடினால் ஆறு ஆகிவிடும். இரண்டே பள்ளிதான் மிஞ்சியது என்றால், இரண்டு பள்ளியின் பிள்ளைகளையும் கலந்து நான்கு அணியாகப் பிரித்து ஆடலாம். பட்டியலில் பள்ளிப் பெயருக்குப் பதில் நிறத்தின் பெயர் இருக்கும். தேதி மாறாமல் இருப்பதுதான் முக்கியம்.

இப்படி இரண்டு பருவம் ஆடிய அணியில் ஒரு பிள்ளைக்கு இருபத்து நான்கு ஆட்டம் சேர்ந்திருக்கும். அப்போதுதான் பதினொரு பேர் ஆட்டத்துக்குப் போக வேண்டும். குறுவட்டப் போட்டியும், 17 வயதுக்குட்பட்ட பெண்கள் பிரிவு உள்ள சுப்ரதோ கோப்பைக்கான தகுதிச் சுற்றும் பதினொரு பேர் ஆட்டங்கள். அதற்கு ஏழு பேர் அணியில் நான்கு பேரைக் கூட்டினால் மட்டும் போதாது. பெரிய மைதானத்தில் கோல் கீப்பருக்கும் தடுப்பாளர்களுக்கும் இடையில் பெரிய வெற்றிடம் விழும், எதிரணி அங்கேதான் பந்தைத் தூக்கிப் போடும். மே மாதத்தில் காலை ஆறு மணிக்கு இரண்டு வாரம், பக்கத்துப் பள்ளியையும் சேர்த்துக்கொண்டு, கல்லூரியிலோ மாவட்ட விளையாட்டரங்கிலோ முழு மைதானத்தைக் கேட்டு வாங்கிப் பழக வேண்டும். இரண்டு பள்ளியிலும் சேர்த்தால் இருபத்திரண்டு பேர் இருப்பார்கள்.